இரவு நாடிக் கோடு: அறைச் சூடா, தாமதச் சாப்பாடா, படுக்கும் பக்கமா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அல்லி

வாட்சைக் கட்டிக்கொண்டே தூங்குகிறேன். காலையில் எழுந்ததும் இரவு முழுக்க ஓடிய பல்ஸ் கோட்டைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சில மாதமாகப் பார்த்ததில், ஒரே மாதிரி தூங்கியதாக நினைத்த இரவுகள்கூட வெவ்வேறு வடிவத்தில் வருகின்றன.

சாதாரண இரவில் படுக்கும்போது 66, நள்ளிரவு தாண்டி மெல்ல இறங்கி 2 மணிக்கு 56, 4 மணி வாக்கில் 53 வரை போய், எழும் நேரத்துக்கு 58 ஆகிறது. தொங்கவிட்ட கயிறு மாதிரி ஒரு பள்ளம்.

ஆனால் சில இரவில் இறங்கவே மாட்டேன் என்கிறது, விடியும்போதுதான் அடியைத் தொடுகிறது. வேறு சில இரவில் நன்றாக இறங்கிவிட்டுப் பாதியில் மறுபடி ஏறுகிறது. இன்னும் சில இரவில் நடுவே திடீரென்று ஒரு கோபுரம் மாதிரி எழுந்து அப்படியே விழுகிறது.

எனக்குத் தெரிந்து மாறுவது மூன்று விஷயங்கள்தான். சாப்பிடும் நேரம், ஏசி ஓடும் நேரம், எந்தப் பக்கம் படுக்கிறேன் என்பது. இதில் எது எந்த வடிவத்தைக் கொடுக்கிறது என்று கோட்டைப் பார்த்தே சொல்ல முடியுமா? ஆப் காட்டும் சராசரியை வைத்து ஒன்றும் புரியவில்லை. ஒருநாள் 61, ஒருநாள் 62, அவ்வளவுதான் வித்தியாசம்.

கருவேலன்

பக்கம்தான் காரணம். இடப்பக்கம் படுத்தால் இதயம் அழுத்தப்படும், அதனால் வேகமாக அடிக்கும். நான் இடப்பக்கம் திரும்பினாலே நெஞ்சு தடதடவென்று அடிப்பது காதில் கேட்கும். வலப்பக்கம் மாற்றிப் பாருங்கள், கோடு இறங்கிவிடும். எப்படியும் இரவு பல்ஸ் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

ராக்கண்விழி

தூக்க ஆய்வுக்கூடத்தில் இரவுப் பணி பார்ப்பவன் நான். தலை முதல் கால் வரை ஒயர் ஒட்டிப் படுக்க வைத்து, விடிய விடிய அந்தக் கோடுகளைப் பார்ப்பதுதான் வேலை. மருத்துவர் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

அல்லி, நீங்கள் சராசரியை நம்பாதது சரி. பார்க்க வேண்டியது துடிப்பு எவ்வளவு கூடியது என்பதை விட எந்த நேரத்தில் கூடியது என்பது. உணவு, சூடு, படுக்கும் நிலை மூன்றும் துடிப்பைக் கூட்டலாம். ஆனால் இரவின் வெவ்வேறு இடத்தில் கூட்டும்.

முதலில் தாமதச் சாப்பாடு. சாப்பிட்டதும் வயிற்றுக்கும் குடலுக்கும் கூடுதல் ரத்தம் போக வேண்டும். மற்ற உறுப்புகளுக்குப் போவதை அப்படியே நிறுத்த முடியாது, அதனால் இதயம் மொத்தமாகக் கூடுதலாக இறைக்கிறது. உணவைச் செரிக்கும் வேலையிலேயே உடம்பில் சூடும் பிறக்கும், புரதம் கூடுதலாக உள்ள சாப்பாட்டில் அது இன்னும் அதிகம். பெரிய சாப்பாடு என்றால் இந்த வேலை பல மணி நேரம் நீளும். ஆகவே படுக்கும்போதே கோடு உயரத்தில் தொடங்கி, சரிவுப் பாதை மாதிரி விடியும் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். அடிப்புள்ளி எழும் நேரத்துக்குப் பக்கத்தில் தள்ளிப்போய்விடும்.

அறைச் சூடு பெரும்பாலும் பின்பாதியில் தெரியும், அல்லது முழு இரவையும் தூக்கும். படுக்கும் நிலை என்பது வேறு சங்கதி. அது நீண்ட மேடாக வருவது குறைவு. வந்தால் அதில் பாதி உண்மையே இல்லை, வாட்சின் தவறு.

மூன்று தகவல் கொடுங்கள், உங்கள் கோட்டையே வைத்துப் பேசலாம். அந்த இரவுகளில் சாப்பிட்ட நேரம், ஏசி நின்ற நேரம், வாட்ச் எந்தக் கை.

வெள்ளிமீன்

எனக்கும் இதே பிரச்சினை. மாடிப்படி ஏறினால் 130 காட்டுகிறது, பத்து நிமிடம் உட்கார்ந்தால்தான் 80க்கு வருகிறது. பிரஷர் மாத்திரை போடலாமா?

செம்பருத்தி

வெள்ளிமீன், இங்கே பேசுவது தூங்கும்போது ஓடும் பல்ஸைப் பற்றி. பல்ஸ் வேறு, ரத்த அழுத்தம் வேறு. ஒன்று கூடினால் மற்றது கூடியதாக அர்த்தம் இல்லை. மாத்திரை விஷயத்தை மருத்துவரிடம் கேளுங்கள், படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அல்லி

ராக்கண்விழி சார், விவரம் இதோ. வாட்ச் இடது கை. நிமிடத்துக்கு ஒருமுறை பதிகிறது.

முதல் வகை: இரவு பத்தரைக்கு நிறையச் சாப்பிட்டு, 11.15க்குப் படுத்தேன். தொடக்கம் 72, 1 மணிக்கு 66, 3 மணிக்கு 59, 5.45க்கு 54. அப்புறம் விழித்துவிட்டேன். அன்று ஏசி விடிய விடிய ஓடியது.

இரண்டாவது வகை: 8 மணிக்கே சாப்பிட்டாயிற்று. 11 மணிக்குப் படுக்கும்போது 66, 1.15க்கு 57. ஏசி டைமர் 1.30க்கு நின்றது. பிறகு கோடு மெல்ல மெல்ல ஏறி 4 மணிக்கு 64. ஐந்தரை வரை அங்கேயே நின்றது. கழுத்தடியில் வியர்வையோடு எழுந்தேன்.

மூன்றாவது: எல்லாம் சாதாரணம். 3.10க்கு 54இல் இருந்த கோடு நேராக 108க்குப் போய், பன்னிரண்டு நிமிடம் அங்கேயே இருந்து, நேராக 55க்கு வந்தது. நான் விழித்ததாக நினைவில்லை. இதுதான் பயமாக இருக்கிறது.

முதல் இரண்டு இரவுக்கும் ஆப் கொடுத்த சராசரி 62, 61. சாதாரண இரவுக்கு 57.

ராக்கண்விழி

நல்ல பதிவு. ஒவ்வொன்றாக எடுப்போம்.

பத்தரைச் சாப்பாட்டு இரவைச் சாதாரண இரவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதாரண நாளில் 2 மணிக்கு 56க்கு வந்துவிடுகிறீர்கள். தாமதமாகச் சாப்பிட்ட நாளில் 3 மணிக்கும் 59. ஆனால் கடைசியில் தொட்ட அடி 54, சாதாரண நாளின் 53இலிருந்து ஒன்றுதான் கூட. இதைக் கவனிக்காமல் போகிறார்கள். சில ஆப்கள் இரவின் மிகக் குறைந்த எண்ணை எடுத்துத்தான் ‘ஓய்வுத் துடிப்பு’ என்று போடுகின்றன. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் உங்கள் தாமதச் சாப்பாடு கண்ணிலேயே படாது. அடி வந்துவிட்டது, ஆனால் இரவு முடியும்போது வந்தது. முதல் சில மணி நேரத்தில்தான் ஆழ்ந்த தூக்கம் அதிகம். அந்த நேரம் முழுக்க இதயம் செரிமானத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தது.

இரண்டாவது இரவு நேர்மாறு. முன்பாதி அழகாக இறங்கியிருக்கிறது, ஏசி நின்றதும் ஏறியிருக்கிறது. உடம்பு தூங்கப் போகும்போது உள்சூட்டைக் குறைக்கப் பார்க்கும். கை, கால், தோல் வழியாகச் சூட்டை வெளியே விடும். உள்சூடு மிகக் குறைவாக இருப்பது வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால். பல்ஸும் ஏறக்குறைய அதோடுதான் இறங்கும். உங்கள் 4 மணி அடி அதனால்தான். அறை சூடாகிவிட்டால் தோலுக்கு இன்னும் அதிக ரத்தத்தை அனுப்ப வேண்டும். வியர்வை காய்ந்தால்தான் குளிர்ச்சி. காற்றில் ஈரம் கூடுதலாக இருந்தால் வியர்வை காயாது, வழியும், அவ்வளவுதான். அப்போது இதயம் வேகமாக அடித்துத்தான் சமாளிக்க வேண்டும்.

பின்பாதியில் இது கூடுதலாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விடியலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் நீளும். அந்தக் கட்டத்தில் உடம்பின் சூட்டுக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும், வியர்ப்பதும் நடுங்குவதும் சரியாக நடக்காது. அதே அறைச் சூடு முன்னிரவில் பெரிதாகப் படாமல், பின்னிரவில் எழுப்பிவிடலாம்.

ஆக, சராசரி 61, 62 என்று ஒன்றுபோல் இருந்தும் இரண்டு இரவும் நேர் எதிர். ஒன்றில் முன்பாதி தூக்கி நிற்கிறது, மற்றதில் பின்பாதி.

மூன்றாவதைத் தனியாக எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

கருவேலன்

இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. மூன்றாவது இரவில் 108க்குப் போனது இடப்பக்கம் திரும்பியபோதுதான் இருக்கும். நான் சொன்னதேதான்.

அல்லி

கருவேலன் அண்ணா, எந்தப் பக்கம் இருந்தேன் என்று எனக்கே தெரியாதே. ஆனால் அன்று எழும்போது இடது கை மரத்துப்போயிருந்தது. அது நினைவிருக்கிறது.

ராக்கண்விழி

கை மரத்துப்போனது என்று சொன்னீர்களே, அதுதான் எனக்கு வேண்டிய தடயம்.

வாட்ச் இதயத்தைப் பார்ப்பதில்லை. தோலுக்கடியில் பச்சை வெளிச்சம் பாய்ச்சி, ஒவ்வொரு அடிக்கும் ரத்தம் கூடிக் குறைவதை எண்ணுகிறது. அந்தக் கையை உடம்புக்கடியில் வைத்துப் படுத்தால் ரத்தம் தடைபடும், அலை சிறுத்துவிடும். ஒவ்வொரு அடியின் அலையிலும் பெரிய மேட்டுக்குப் பின்னால் ஒரு குட்டி மேடு உண்டு. பெரியது சிறுத்ததும் குட்டியையும் வாட்ச் தனி அடியாக எண்ணிவிடலாம். 54 அப்படியே 108 ஆனதைப் பாருங்கள், சரியாக இரண்டு மடங்கு. ஏறும்போதும் இறங்கும்போதும் சுவர் மாதிரி செங்குத்து. உண்மையான துடிப்பு இப்படி ஏறுவது அரிது. நடு இரவில் எழுந்து கழிவறைக்குப் போனால்கூட ஏற்றம் வேகமாக இருக்கும், இறக்கம் ஓரிரு நிமிடமாவது சாய்வாக வரும்.

ஆனால் ‘அரிது’ என்றேனே தவிர, ‘இல்லை’ என்று சொல்லவில்லை. சிலருக்கு இதயத்தின் மின்னோட்டக் கோளாறால் துடிப்பு திடீரென்று ஏறித் திடீரென்று நிற்கும். அதுவும் செங்குத்துச் சுவராகத்தான் தெரியும். பெரும்பாலும் 150க்கு மேல் போகும், பகலிலும் வரும், படபடப்பு உணர முடியும். அப்படி ஏதாவது இருந்தால் வாட்சை வைத்து ஊகிக்க வேண்டாம், ஈசிஜி எடுக்க வேண்டும்.

உங்களுக்குச் சுலபமான சோதனை இருக்கிறது. வாட்சை வலது கைக்கு மாற்றுங்கள். ஸ்ட்ராப் மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாமல், இறுக்கமும் இல்லாமல். கோபுரம் மறைந்தால், அல்லது வலது கை நசுங்கும் இரவில் மட்டும் வந்தால், அது கையின் பிரச்சினை. எந்தக் கையானாலும் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கருவேலன், நீங்கள் சொன்னதில் ஒரு பாதி உண்மை. இடப்பக்கம் திரும்பினால் இதயம் மார்புச் சுவரை நோக்கி நகரும். மருத்துவர்கள் சில இதய ஒலிகளைத் தெளிவாகக் கேட்க நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வது அதனால்தான். அடிப்பது பலமாகத் தெரியும், தலையணையில் காது பதிந்திருந்தால் கேட்கவும் செய்யும். ஆனால் பலமாகத் தெரிவது வேறு, வேகமாக அடிப்பது வேறு. ஆரோக்கியமானவர்களுக்கு இடம், வலம் வித்தியாசம் சிறியது. இதயம் பலவீனமானவர்கள் பலர் இடப்பக்கம் படுக்கச் சிரமப்படுகிறார்கள், அது உண்மை. பல்ஸ் குறையக் குறைய நல்லது என்பதையும் பொதுவாகச் சொல்ல முடியாது. நெடுந்தூர ஓட்ட வீரருக்குத் தூக்கத்தில் 40க்குக் கீழே போவது சகஜம். தலைசுற்றல், மயக்கம் உள்ளவருக்கு அதே எண் கவலைப்பட வேண்டியது.

செம்பருத்தி

என்னுடையதையும் சொல்கிறேன், பெண்களுக்குப் பயன்படும். கோடு முழுவதும், தொடக்கம் முதல் விடியல் வரை, மூன்று நான்கு துடிப்பு மேலே தூக்கி நின்றது. வடிவம் மாறவில்லை, அதே பள்ளம்தான். அறைச் சூடு என்று நினைத்து ஏசியைக் குறைத்துக்கொண்டே போனேன், போர்வைக்குள் நடுங்கினேன், ஒன்றும் மாறவில்லை. பிறகு மாதக் கணக்கைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது, சினைமுட்டை வெளியான பிறகு தூக்குகிறது, மாதவிலக்கு வந்ததும் இறங்குகிறது. அந்த இரண்டு வாரமும் உடல் சூடே கொஞ்சம் கூடுதலாக இருக்குமாம்.

அல்லி, நீங்கள் பெண்ணா என்று தெரியாது. ஆனால் இரண்டு இரவை ஒப்பிடுவதற்கு முன் அவை மாதத்தின் ஒரே பகுதியில் வருகின்றனவா என்று பார்ப்பது நல்லது.

அல்லி

பெண்தான் அக்கா. இதை யோசிக்கவே இல்லை. தாமதச் சாப்பாட்டு இரவும் சாதாரண இரவும் அடுத்தடுத்த நாட்கள், அதனால் அது தப்பிக்கும். ஏசி இரவு வேறு வாரம். அதைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ராக்கண்விழி

செம்பருத்தி சொன்னது முக்கியம். முழுக் கோடும் வடிவம் மாறாமல் தூக்கினால் அன்றைய சாப்பாட்டையோ ஏசியையோ முதலில் சந்தேகிக்காதீர்கள். மாதச் சுழற்சி, தொடங்கப் போகும் காய்ச்சல், கர்ப்பம், போதிய தண்ணீர் குடிக்காதது, மாலையில் செய்த கடும் உடற்பயிற்சி எல்லாம் அப்படிக் காட்டலாம். காய்ச்சலில் உடல் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு ஏறக்குறைய 10 கூடும் என்று மருத்துவமனைகளில் கணக்குச் சொல்வார்கள்.

மது அருந்துபவர்களுக்கு ஒன்று: அது தாமதச் சாப்பாட்டின் அதே சரிவைக் கொடுக்கும், பெரும்பாலும் இன்னும் உயரமாக. இரண்டும் ஒரே இரவில் என்றால் பிரிக்கவே முடியாது.

நிலாமுற்றம்

நான் மல்லாந்து படுத்தால் குறட்டை விடுவதாக வீட்டில் சொல்கிறார்கள். நடுவில் மூச்சே நின்றுபோய், பிறகு உறுமலோடு மறுபடி தொடங்குகிறதாம். என் கோட்டில் அல்லி சொன்ன கோபுரம் இல்லை, பள்ளமும் இல்லை. இரவு 1 மணியிலிருந்து 3 மணி வரை ரம்பப் பல் மாதிரி பொடிப்பொடியாக ஏறி இறங்குகிறது. 58, 67, 59, 70, 60 என்று. ஒருக்களித்துப் படுத்த இரவில் அந்த இடம் வழுவழுப்பாக இருக்கிறது. தூங்கும் அறையில் ஏசி, ஃபேன் எதையும் மாற்றவில்லை. இது என்ன?

ராக்கண்விழி

நிலாமுற்றம், உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே அவசரமானது. மூச்சுப்பாதை அடைபடும்போது துடிப்பு குறையும், மூளை தட்டி எழுப்பி மூச்சு திரும்பியதும் துடிப்பு பாயும். அப்புறம் மறுபடி அடைப்பு. எங்கள் கூடத்தில் இந்தக் கோட்டைப் பார்த்தாலே அடுத்த அறையிலிருந்து உறுமல் சத்தம் வரும் என்று தெரியும். மல்லாந்து படுக்கும்போது நாக்கும் தொண்டைத் தசையும் பின்னால் சரிவதால் பலருக்கு அந்த நிலையில் மோசமாகும். படுக்கும் நிலை நாடிக் கோட்டில் உண்மையாகவே பெரிதாகத் தெரியும் இடம் இதுதான். இடமா வலமா என்பதில் இல்லை, மல்லாந்தா ஒருக்களித்தா என்பதில்.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். ஒவ்வொரு அடைப்பும் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஐந்து நிமிடச் சராசரி போடும் கருவிகளில் இந்த ரம்பப் பல் மழுங்கி, நல்ல சமதளம் மாதிரி தெரியும். உங்கள் கருவி காட்டியது அதிர்ஷ்டம். கோடு வழுவழுப்பாக இருப்பவர்கள் குறட்டையை அலட்சியம் செய்யக் கூடாது.

வீட்டில் மூச்சு நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள் என்றால் தூக்க ஆய்வுக்குப் போங்கள். அதுவரை முதுகுக்குப் பின்னால் ஒரு நீளத் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்கலாம். அது சிகிச்சைக்கு மாற்று இல்லை.

நிலாமுற்றம்

பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்குவதும் இதனால்தானா?

ராக்கண்விழி

இருக்கலாம். அதை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். அதுவரை நீண்ட தூரம் ஓட்ட வேண்டாம்.

பனங்குருவி

அறைச் சூடு பற்றி எனக்கு ஒரு சந்தேகம். நான் 20 டிகிரியில் வைத்துத்தான் தூங்குகிறேன், ஆனாலும் பின்பாதியில் ஏறுகிறது. அப்படியானால் சூடு காரணம் இல்லைதானே?

ராக்கண்விழி

20 என்பது ரிமோட்டில் நீங்கள் அமைத்த எண். படுக்கையருகே எவ்வளவு என்பது வேறு. ஏசியின் உணரி பெரும்பாலும் அதன் உடம்புக்குள்ளேயே இருக்கும், அறையின் மறு கோடியில் கட்டில் இருந்தால் சில டிகிரி வித்தியாசம் வரலாம். அறைச் சூடும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மானியைத் தலையணை உயரத்தில் வையுங்கள். மிகக் குறைந்த எண்ணையும் உச்ச எண்ணையும் நினைவில் வைக்கும் வகையாக இருந்தால் நல்லது.

அடுத்தது போர்வை. உடம்பு உணர்வது போர்வைக்குள் இருக்கும் காற்றை. நிம்மதியாகத் தூங்கும்போது அந்தக் காற்று 32, 33 டிகிரி இருக்கும், அறை எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் சரி. தடித்த போர்வையும் சூட்டைப் பிடித்து வைக்கும் நுரை மெத்தையும் சேர்ந்தால் 20 டிகிரி அறையிலும் உள்ளே வேகும். இரவில் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு எழுகிறீர்களா?

பனங்குருவி

தினமும். காலையில் தரையில்தான் கிடக்கும்.

ராக்கண்விழி

அப்படியானால் ஏசியைத் தொடாமல் போர்வையை மட்டும் மெல்லியதாக மாற்றிப் பாருங்கள். அறையை இன்னும் குளிர்ப்பது எதிர்வேலையும் செய்யும். கை சில்லிட்டால் தோலுக்கு வரும் ரத்தம் குறையும், வாட்சுக்குக் கிடைக்கும் அலை சிறுத்து, இடையிடையே வெற்றிடமோ பொய் எண்ணோ வரும். அதை அறை மாற்றத்தின் பலன் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

அல்லி

சில வாரம் பொறுமையாகப் பார்த்தேன். ஒரு இரவில் ஒன்றை மட்டும் மாற்றினேன், எழும் நேரத்தை மாற்றவே இல்லை. மாதத்தின் முதல் பாதியில் மட்டும் ஒப்பிட்டேன்.

வாட்சை வலது கைக்கு மாற்றியதும் கோபுரம் போய்விட்டது. ஒரே ஒருமுறை வந்தது, அன்று வலது கை தலையணைக்கடியில் இருந்தது. மனசு லேசானது.

டைமரை எடுத்துவிட்டு ஏசியை 26இல் விடிய விடிய ஓடவிட்டு, மேலே ஃபேனையும் மெதுவாகச் சுற்றவிட்டேன். பின்பாதி ஏற்றம் பெரும்பாலும் மறைந்தது. மறுபடி டைமர் வைத்த இரவில் திரும்பி வந்தது. அதனால் அது சூடுதான் என்று நம்புகிறேன்.

சாப்பாட்டில்தான் குழப்பம். 8 மணிக்குச் சாப்பிட்டால் பள்ளம் திரும்புகிறது, சரி. பத்தரைக்கே சாப்பிட்டு, ஆனால் பாதி அளவு சாப்பிட்டால் சரிவு வருவதில்லை, கிட்டத்தட்ட சாதாரணக் கோடுதான். அப்படியானால் நேரம் காரணமா, அளவு காரணமா?

இன்னொன்று. எல்லாம் சரியாக இருக்கும் இரவிலும் 3 மணி வாக்கில் ஐந்தாறு துடிப்பு உயரத்தில் ஒரு சின்ன மேடு வருகிறது, அரை மணி நேரம் இருந்து போகிறது.

ராக்கண்விழி

இரண்டும்தான் காரணம் என்று உங்கள் கோடே சொல்கிறது. செரிமானம் நீளும் நேரத்தை அளவு தீர்மானிக்கிறது, அந்த நீளம் தூக்கத்துக்குள் எவ்வளவு வந்து விழும் என்பதைச் சாப்பிட்ட நேரம் தீர்மானிக்கிறது. சிறிய சாப்பாடு படுத்த சிறிது நேரத்திலேயே அடங்கிவிடும். தாமதமாகத்தான் சாப்பிட முடியும் என்ற வேலையில் இருப்பவர்களுக்கு இது பயன்படும்: நேரத்தை மாற்ற முடியாவிட்டால் அளவை மாலைக்கும் இரவுக்கும் பிரித்துக்கொள்ளலாம்.

பெரிய சாப்பாடும் சூடான அறையும் ஒரே இரவில் வந்தால் இரண்டின் கூட்டலைவிட மோசமாகப் படலாம் என்பது என் அனுபவம். செரிமானச் சூடு வெளியேற வேண்டும், வெளியேற வழி விடாத அறை. ஆனால் அதை வீட்டு வாட்சால் நிரூபிக்க முடியாது.

3 மணி மேட்டைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன். கனவுத் தூக்கத்தில் துடிப்பு அலைபாயும், தூக்கச் சுழற்சி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்று வரும், ஐந்தாறு துடிப்பு ஏற்றம் அதற்குள் அடங்கும். அப்படியானால் அதை விரட்டத் தேவையில்லை, நல்ல தூக்கத்திலும் அது இருக்கும். மேடு ஒவ்வொரு இரவும் ஒரே கடிகார நேரத்தில் வருகிறதா, அல்லது படுத்த நேரத்தோடு சேர்ந்து நகர்கிறதா? நகர்ந்தால் தூக்கச் சுழற்சி. கடிகார நேரத்திலேயே நின்றால் வெளியில் ஏதோ நடக்கிறது. அறை சூடாவது, வெளிச்சத்தம், தண்ணீர் மோட்டார் ஓடுவது, இப்படி ஏதாவது.

அல்லி

எப்போதும் 11 மணிக்கே படுப்பதால் எனக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் ஒரு மணி நேரம் தள்ளிப் படுத்துப் பார்க்கிறேன்.

கருவேலன்

நானும் சும்மா இருக்கவில்லை. மகனை விட்டு இரவில் வீடியோ எடுக்கச் சொல்லி, எந்த நேரம் எந்தப் பக்கம் என்று குறித்து, கோட்டோடு ஒப்பிட்டேன். ஆரம்ப நேரத்தில் இறங்கிக்கொண்டிருப்பதையெல்லாம் விட்டுவிட்டு 2 மணிக்கு மேல் மட்டும் பார்த்தேன். இடப்பக்கம் இருக்கும்போது இரண்டு மூன்று துடிப்பு கூடுதல். ஒவ்வொரு இரவும். வாட்ச் வலது கையில், அதனால் நசுங்கியது என்று சொல்ல முடியாது. சாப்பாடு 7 மணிக்கே. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ராக்கண்விழி

வீடியோவோடு ஒப்பிட்டது நல்ல வேலை, பலர் செய்வதில்லை. இரண்டு மூன்று துடிப்பு என்பது இருக்கக்கூடிய அளவுதான், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு கேள்வி மீதம் இருக்கிறது. ஒன்று, திரும்பிய உடனே வரும் நிமிடங்களை விட்டுவிட்டீர்களா? எந்தப் பக்கம் புரண்டாலும் லேசாக விழிப்பு தட்டித் துடிப்பு பத்து இருபது பாய்ந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். நீங்கள் இடப்பக்கம் குறைந்த நேரமே இருப்பவர் என்றால் அந்தப் பாய்ச்சலே சராசரியைத் தூக்கிவிடும். இரண்டு, இடப்பக்கம் இருக்கும்போது வலது கை எங்கே? மேலே, இடுப்பில் கிடக்கும் கையும் மெத்தையில் கிடக்கும் கையும் இதயத்துக்கு ஒரே உயரத்தில் இல்லை. கையின் உயரம் மாறினால் அலையும் மாறும்.

கருவேலன்

திரும்பிய நிமிடங்களை விடவில்லை. கை இடுப்பு மேல்தான். ஆனாலும் எனக்கு என் நெஞ்சு சொல்வது நம்பிக்கையாக இருக்கிறது.

பனங்குருவி

நெஞ்சுப் பட்டை ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. ஓட்டத்துக்கு வாங்கியது, இதயத்தின் மின்சாரத்தையே நேராக எடுக்கும், கை எங்கே இருந்தாலும் கவலை இல்லை. ஒருக்களித்துப் படுத்தால் பட்டை நழுவாமல் இருக்க வேண்டும், உணரிப் பகுதியைத் தண்ணீரால் நனைத்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்த வாரம் இரண்டும் கட்டிக்கொண்டு தூங்குகிறேன். கருவேலன் சார், நீங்களும் யாரிடமாவது ஒன்று வாங்கிக் கட்டுங்கள். திரும்பிய பின் முதல் ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் தலா அரை மணி நேரமாவது ஓடிய பகுதியை மட்டும் எடுப்போம்.

கருவேலன்

சரி, கட்டிப் பார்க்கிறேன். இடப்பக்க எண்ணை இங்கேயே போடுகிறேன்.

நிலாமுற்றம்

தூக்க ஆய்வுக்குத் தேதி கிடைத்துவிட்டது. வாட்சையும் கட்டிக்கொண்டு போகலாமா, இரண்டு கோட்டையும் ஒப்பிடலாம் என்று பார்க்கிறேன்.

ராக்கண்விழி

கட்டிக்கொண்டு போங்கள், அங்கே இருப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விரலில் ஆக்சிஜன் உணரி மாட்டுவார்கள், வாட்ச் மறு கையில் இருக்கட்டும். வாட்சின் கடிகாரமும் அவர்கள் கருவியின் கடிகாரமும் எத்தனை நொடி வித்தியாசம் என்று படுக்கும் முன் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எந்தப் பல் எந்த அடைப்புக்கு என்று காலையில் பொருத்த முடியாது.